கெடு தாண்டிய அப்பீல்

பவுனு திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை உடைக்கும் கூலி வேலை செய்பவள். 2016இல் விழுப்புரம் குடும்பநல நீதிமன்றம் அவளுடைய ஏழு வயது மகள் இளவரசியை அப்பாவிடம் ஒப்படைத்தது. குழந்தை போன அன்று சாயங்காலமே வீட்டுக்குள் கொலுசுச் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து அவள் முதுகுவரை வந்து, திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும்.

அவள் வழக்கை நடத்திய வக்கீல் பவானி ஆள் அனுப்பிய பிறகுதான் விழுப்புரம் போனாள்.

“தீர்ப்பு நகல் அப்பவே வாங்கி வச்சிட்டேன். முப்பது நாளுக்குள்ள ஹைகோர்ட்டுல அப்பீல் போட்டிருக்கணும். நகலுக்குக் காத்திருந்த நாளைக் கழிச்சாலும் கெடு தாண்டிடுச்சு. இப்ப தாமதத்த மன்னிக்கச் சொல்லி தனி மனு போட்டு, காரணத்த சத்தியம் பண்ணிச் சொல்லணும். ஏன் வரல?”

“வீட்ல பாப்பா நடந்துகினு இருக்குதும்மா. தனியா வுட்டுட்டு எப்படி வர்றது?”

பவானியின் பேனா நின்றது. “பாப்பா இந்த ஊர்ல அவங்கப்பா வீட்ல இருக்குது, பவுனு.”

“தெரியும்மா. அதான் பயமா கீது.”

பவானி அவள் கையைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது.

“எப்பலேர்ந்து ஜுரம்?”

“பாப்பா போனதுலேர்ந்து. பெரியாஸ்பத்திரியில சீட்டு குடுத்தாங்க.”

அந்தச் சீட்டுகளை மனுவோடு வைத்தார்கள். குழந்தையின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பதை அப்பீலில் முதல் காரணமாக எழுதினார்கள். உயர் நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. பிறகு நீதிபதிகள் இளவரசியைத் தனியே அழைத்துக் கேட்டு, அம்மாவிடமே கொடுத்தார்கள்.

பவுனு மகளைப் பழைய வீட்டுக்கு அழைத்துப்போகவில்லை. வேறு தெருவில் வாடகைக்குப் போனாள். கொலுசுச் சத்தம் கேட்ட அந்த அடுப்படியிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூட எடுத்துவரவில்லை.