கிளாராவின் பெயர் இல்லாத வரி

மனுரேவா புறநகரிலுள்ள கிடங்கில் திங்கட்கிழமைக் கூட்டம் நின்றபடியே நடக்கும், சீக்கிரமே முடிந்துவிடும். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்பதையெல்லாம் சூப்பர்வைசர் கிளாரா பலகையில் எழுதுவாள். பொறுப்பு மட்டும் பெரும்பாலும் அவள் பெயரில்தான் இருக்கும். யாராவது தயங்கினால் போதும், அந்த மௌனம் பொறுக்காமல், "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றுவிடுவாள். மற்றவர்களின் பாரத்தைக் குறைப்பதாக அவளுக்கு நினைப்பு. கூட்டம் முடிந்துவிடும்; அவளுடைய வாரம்தான் முடியாது.

அன்றைக்குப் பாதியில் சிக்கிக்கொள்ளும் ஷட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. "இதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வழக்கமான பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பேனாவும் கையுமாகக் காத்திருந்தாள்.

கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மோகனதாஸ் தொண்டையைக் கனைத்தார். "நான் எடுத்துக்கொள்கிறேன். புதன்கிழமைக்குள் மெக்கானிக் வந்துவிடுவார்."

கிளாரா அவர் பெயரையும் கிழமையையும் எழுதினாள்.

கூட்டம் கலைந்ததும், அவளைப் போலவே மலேசியாவிலிருந்து வந்த மோகனதாஸ் பலகையருகே நின்று தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"இப்பவாச்சும் எங்க மேல நம்பிக்கை வந்துச்சே, கிளாரா."