காலையில் விற்ற சப்பாத்து

ரிஸ்னாவுக்கு வாய் நீளம் என்று கண்டி டவுனில் சப்பாத்து வாங்கப் போனவர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். மீதிப்பேர் அவளிடம் வாங்கிய சப்பாத்தை இன்னும் போட்டுக்கொண்டு திரிவார்கள். அலவத்துகொடயிலிருந்து நெரிசல் பஸ்ஸில் வந்து, பகல் முழுக்கக் கடைக்குள் நின்று, அடுத்தவர் காலைப் பார்த்தே பிழைப்பவள் அவள்.

"காலையில வந்து அளவு பாக்காதீங்க. அந்திக்கு வாங்க. காலு அப்பத்தான் உண்மை பேசும்" என்பாள்.

அதற்கு அவளுடைய காலே சாட்சி. விடியற்காலையில் செருப்பின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டுவாள். கடை மூடுகிற நேரத்தில் அந்த வார் தோலில் பள்ளம் போட்டிருக்கும். நிற்கிற ஆளுக்கு உடம்பின் நீர் காலுக்குத்தானே இறங்கும்? நடந்துகொண்டிருந்தால் கெண்டைக்கால் சதை இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அதற்கு ஏது வேலை? சூடும் சேர்ந்தால் இரத்தக்குழாய் விரிந்து இன்னும் வீங்கும். இரவு நீட்டிப் படுத்தால்தான் எல்லாம் வடியும். ஆக, காலையில் அளவாக இருக்கிற சப்பாத்து அந்திக்கு இறுக்கும்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு வாய் அடைக்கிற நேரம் ஒன்று இருந்தது. அது கடை திறந்தவுடன் வருகிற முதல் ஆள். கடைக்காரர் ஸைத் ஹாஜியாருக்கு முதல் வியாபாரம் என்றால் உயிர். முதலில் வந்தவர் வெறுங்கையோடு போனால் அன்றைக்குப் பூராவும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பார். அந்த ஆளிடம் 'அந்திக்கு வாங்க' என்று சொன்ன ஒருத்தியை அவர் வேலையை விட்டே அனுப்பியிருந்தார். வீட்டில் ரிஸ்னாவின் சம்பளம் ஒன்றுதான். அதனால் முதல் ஆளிடம் மட்டும் அவள் நல்ல பிள்ளை.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்தவள் யோசப்பின். நாவலப்பிட்டித் தோட்டத்துக்காரி, இப்போது குண்டசாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிள்ளைகள் விடுதியில் சமையல். வாய் நிறையச் சிரிப்பு.

"குண்டசாலை விடுதிக் குசினியில மூடுன சப்பாத்துதான் போடணும்னு மதர் சொல்லிட்டாங்க தங்கச்சி. கறுப்புல ஒண்ணு குடுங்க, நேரமாச்சு."

மேஸ் என்கிற காலுறையோடு கால் உள்ளே போனது. அச்சில் வார்த்தது போல இருந்தது. விரலுக்கு முன்னால் இடமே இல்லை. ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொல்ல ரிஸ்னா வாயெடுத்தாள். "அந்த அளவு மேல் தட்டுல கிடக்கு, இறக்க நேரம் எடுக்கும். இதுவே சரிதானே?" என்று ஹாஜியார் முந்திக்கொண்டார். காசு கைமாறியது, அவர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

யோசப்பின் புதுச் சப்பாத்தோடே படி இறங்கினாள். முச்சக்கரவண்டியில் ஏறி உட்கார்ந்துதான் சொன்னாள்:

"எனக்கு இறுக்கம் லூசு ஒண்ணும் வெளங்காதும்மா. சீனி வருத்தம், பாதம் ரெண்டும் மரத்துப் போச்சு. போன வருசம் இடது கால்ல புண்ணு வந்து ஒரு விரல எடுத்துட்டாங்க. நீங்க போட்டுவுட்டா சரியாத்தான் இருக்கும்!"

"அக்கா, நில்லுங்க!" என்று கத்தினாள் ரிஸ்னா. வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் மறைந்தது. "கடையால போன சாமானைத் திருப்பி எடுக்கப் போறியா?" என்றார் ஹாஜியார் உள்ளேயிருந்து.

அன்றைக்கு ரிஸ்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலி என்பது காவல்காரன். கடித்தால் கத்துவான், நாமும் கழற்றிவிடுவோம். காவல்காரன் இல்லாத அந்தக் கால் நெருப்படியில் நின்று நின்று வீங்கிக்கொண்டிருக்கும். சப்பாத்து விரியுமா? விரியாது. தோல்தான் கிழியும். அவள் அதிலேயே நின்று சிரித்துக்கொண்டு சோறு வடிப்பாள். யா அல்லாஹ், இப்படி ஒரு பாவத்தை என் கையால் கட்டிவிட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். தொலைபேசி எண்ணும் வாங்கி வைக்கவில்லை.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்ததும் கேட்டாள்.

"ஹாஜியார், நான் குண்டசாலைக்குப் போய்ட்டு வாறேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கி? பெருநாள் யாவாரம் ஈக்கி. போனா அப்படியே போயிடு."

ரிஸ்னா ஏணி போட்டாள். மேல் தட்டிலிருந்து அகலமான ஜோடி ஒன்றை இறக்கி, "சம்பளத்துல வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பஸ் ஆமையாக ஊர்ந்தது. சாரதி ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆளைக் கூவிக் கூவி ஏற்றினான். "தம்பி, கல்யாணத்துக்கா ஆள் சேக்கிறீங்க?" என்று அவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்! ஒவ்வொரு நிமிடமும் அங்கே ஒரு கால் வீங்குகிறதே.

குசினியில் யோசப்பின் பெரிய சட்டிக்கு முன்னால் நின்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பருப்பைக் கிளறினாள்.

"அடடே, தங்கச்சி! என்னா இந்தப் பக்கம்?"

"அக்கா, இருங்க. சப்பாத்தைக் கழட்டுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு, வலியே இல்ல."

"வலி இல்லாததுதான் பயம்! கழட்டுங்கன்னா கழட்டுங்க!"

கழற்ற வரவில்லை. ரிஸ்னா தரையில் உட்கார்ந்து, நாடாவை முழுக்க உருவி, குதிகாலைப் பிடித்து மெதுவாக எடுத்தாள். வலது காலின் மேஸில், சுண்டுவிரல் பக்கம், ஈரமாக ஒரு சிவப்பு. மேஸை உருட்டி இறக்கியபோது தோல் உரிந்து சதை தெரிந்தது.

யோசப்பினின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தன் காலை வேறு யாருடைய காலோ போலப் பார்த்தாள். "மாதாவே! எனக்குத் தெரியவே இல்லையே தங்கச்சி" என்று அழுதாள். அவளுக்கு வலிக்கவில்லை. ரிஸ்னாவுக்குத்தான் உச்சந்தலை வரைக்கும் வலித்தது.

சுத்தமான துணியால் மூடி, கொண்டுபோன அகலச் சப்பாத்தை நாடா கட்டாமல் போட்டுவிட்டு, முச்சக்கரவண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மருந்து கட்டிய தாதி, "இன்னைக்கே வந்ததால தப்பிச்சீங்க. ரெண்டு மூணு நாள் இதோடயே நின்னிருந்தா வேற கதை. ஆறுற வரைக்கும் நிக்கக் கூடாது, கட்டுக்கு ஒழுங்கா வரணும்" என்று அதட்டினாள்.

மறுநாள் காலை, வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ரிஸ்னா கடைக்கு வந்தாள். ஹாஜியார் முகம் கொடுக்கவில்லை. அதற்குள் முதல் ஆள் வந்துவிட்டான். ஹோட்டல் வேலைக்குச் சேரப்போகிற இளைஞன்.

"பகல் முழுக்க நிக்கிற வேலையா?" என்று கேட்டாள் ரிஸ்னா.

"ஓம் அக்கா."

"அப்ப இப்ப வாணாம். அந்திக்கு வாங்க தம்பி. நின்னு பாத்து, பெரிய காலுக்கு அளவெடுத்து, விரலுக்கு முன்னால இடம் விட்டுத் தாறேன்."

பையன் தலையாட்டிவிட்டு இறங்கினான். ஹாஜியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "முதல் யாவாரத்தையா தட்டிவுட்ட? உனக்கு இனி இங்க..."

ரிஸ்னா பையைத் திறந்து, யோசப்பினின் கறுப்புச் சப்பாத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதான் நேத்து நம்மட முதல் யாவாரம். கையை உள்ளுக்குப் போட்டுப் பாருங்க ஹாஜியார்."

அவர் விரலை விட்டார். சுண்டுவிரல் இடத்தில் காய்ந்த இரத்தம் சொரசொரத்தது. கையை வெளியே எடுத்தவர் அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். நோட்டைக் கண்ணில் ஒற்றிய அதே கை.

பிறகு அவர் வாசலுக்குப் போனார். போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்து, தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.

"தம்பி! அந்திக்கு வாங்க, கட்டாயம் வாங்க!"