சாமி படத்துக்குப் பின்பக்கம்

காரிமங்கலத்தில் பூஜை சாமான் கடை நடத்த வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. ஊதுபத்தியோ சூடமோ விளக்குக்கு ஊற்றும் எண்ணெயோ, ஜனங்கள் போட்டோ அனுப்பி 'இதே வேணுங்க' என்பார்கள். அனுப்புவது சாமி படம் இருக்கிற முன்பக்கம் மட்டும். ஒரே முருகனை நாலு கம்பெனிக்காரன் போட்டிருக்கிறான். பின்னால் உள்ள பொடி எழுத்தைப் பார்க்காமல் எதை எடுத்துக் கொடுப்பது?

அன்றைக்குத் தொப்பூரிலிருந்து தம்பி பெண்டாட்டி அனுப்பியதும் முருகன்தான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். இந்த நல்லெண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டியதிலிருந்து கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்திருக்கிறதாம். நல்ல எண்ணெய்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

எண்ணெயில் அந்த முருகன் ஒரே கம்பெனியின் இரண்டு பாக்கெட்டில் இருக்கிறார். ஒன்று சமையலுக்கு, ஒன்று விளக்குக்கு. இரண்டிலும் எள்ளுப்பூ. சமையல் எண்ணெயில் மட்டும் கட்டத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளியும் உணவு உரிம எண்ணும் இருக்கும். உடனே போன் போட்டு, பாக்கெட்டைத் திருப்பிப் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

"சாமி படம் அண்ணி. குப்புற எப்பிடிங்க போடறது?"

கையில் பிடித்துக்கொண்டு எடுக்கக் கூடாதா என்று கத்தினேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிவிட்டு, முருகனை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எனக்கு வந்தது சுவரின் போட்டோ. மிச்சம் குப்பையில். தலையில் அடித்துக்கொண்டேன்.

"குப்பையக் கொட்டித் தேடு புள்ள. நான் லைன்லயே இருக்கறேன்."

தேடி எடுத்து அனுப்பினாள். என் கடைப் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னால் 'எள் மணம்' என்று கொட்டை எழுத்து. பின்னால் பாமாயில், மினரல் ஆயில், நிறம், வாசனை. அடியில் 'விளக்கேற்ற மட்டும்'. பச்சைப் புள்ளி இல்லை. அவள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரன் இதைச் சமையல் எண்ணெயோடு அடுக்கி வைத்திருந்தானாம். நாசமாய்ப் போகிறவன்.

குழந்தையைக் கழுவி, அந்தப் பாக்கெட் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். இந்த எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளவில்லை, இனி இதைத் தொடாதீர்கள் என்று டாக்டர் களிம்பு கொடுத்தாராம். தடிப்பு வடிந்துவிட்டது என்று போன் வரும்வரை கல்லாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வாங்க வந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் மறுபடி போட்டோ. புதுப் பாக்கெட்டைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுத்திருந்தாள். முருகனும் குப்புற விழவில்லை, பின்பக்கமும் கண்ணாடியில் தெரிகிறது. எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. இவளை என்ன செய்வது? திட்டிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். மூலையில் பச்சைப் புள்ளி இருந்தது. அதற்கு இடமேது, வலமேது?

போன் போட்டு, "கொழந்தைக்குத் தேச்சுத் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.