தூக்க மாட்டேன் என்ற ஃபைஸா

ரஞ்சித்குமார் ஃபைஸாவை முதன்முதலில் பார்த்தது, அவள் அவனுடைய லேப்டாப்புக்குப் பேஸ்ட் மாற்ற மறுத்த நாளில்தான்.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஷேக் தாவூத் பாயின் கடை. முன்பக்கம் மொபைல் கவர், சார்ஜர். பின்பக்கம் ஒரு மேசை, ஒரு டேபிள் லைட், மேசைக்குப் பின்னால் ஃபைஸா. எலெக்ட்ரானிக்ஸ் பி.எஸ்ஸி. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ரஞ்சித்குமாரும் அப்படித்தான். படாளத்தில் கரும்பு வெட்டிய வீட்டிலிருந்து வந்து, மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டரில் சிலை வரைகிறான். சாமியை முதலில் திரையில் செதுக்கிய பிறகுதான் மெஷின் கல்லில் இறங்கும். அந்த வேலைக்கென்று வாங்கிய லேப்டாப்புக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கை வைக்க முடியாத சூடு, வேலை நடுவில் ஆமை மாதிரி ஊர்கிறது.

"உள்ள சிப்பு மேல தடவுற பேஸ்ட் காஞ்சிருக்கும் மேடம். மாத்திடுங்க. பதினஞ்சு டிகிரி குறையும்னு வீடியோல பாத்தேன்" என்றான்.

ஃபைஸா லேப்டாப்பைப் போட்டு, சூடு காட்டும் சாஃப்ட்வேரைத் திறந்து, கனமான ஒரு வேலையை ஓடவிட்டாள். தொண்ணூற்றேழு டிகிரி. வேகம் பாதியாக விழுந்தது. அணைத்து, அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். மூடி வந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினாள். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தாள். காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஒரு சுவரே எழும்பியிருந்தது.

"இதுக்குள்ள இன்னா ஊதுனீங்க?"

ரஞ்சித்குமார் விழித்தான். "பட்டறைல கம்ப்ரஸர் கன் கீது... சிலைல தூசி ஊதுறது. அத வெச்சுதான் வாராவாரம் சுத்தம் பண்றேன்."

"சுத்தமா! கருங்கல் மாவ நீங்களே உள்ள அடைச்சு வெச்சிருக்கீங்க. அந்தக் காத்துல தண்ணியும் வரும். ஃபேன் பிச்சுகினு சுத்தி அதோட பேரிங்கும் போகும். சாமி மூக்குல ஊதுற மாதிரி இதுல ஊதினா?"

பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் செய்யும் தப்பு அது. தூசி கண்ட இடமெல்லாம் கன்னைத் தூக்குவார்கள். சாப்பாட்டு மேசையைக்கூட அதால்தான் துடைப்பார்கள்.

ஃபேன் சுற்றாதபடி ஒரு பல்குத்தியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் அந்தச் சுவரை உதிர்த்து எடுத்தாள். பேட்டரியை இணைத்து, மூடியைப் போட்டு அதே வேலையை ஓடவிட்டாள். எண்பத்தைந்து. வேகம் விழவில்லை.

"முடிஞ்சுது. எடுத்துனு போங்க."

"பேஸ்ட்?"

"தொட மாட்டேன்."

கல்லாவிலிருந்து தாவூத் பாய் எழுந்து வந்தார். அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த லேப்டாப் வந்தாலும் சரி, கீபோர்டு போனதானாலும் சரி, பேஸ்ட் மாற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். எல்.இ.டி. விளக்குக்கு வைக்கும் வெள்ளைக் களிம்பு அதற்கென்றே ஒரு டப்பா மேசையில் எப்போதும் இருக்கும்.

"ஏம்மா, கேக்கறாரு இல்ல? போட்டுக் குடேன்."

"மாமா, இது நம்ம பேஸ்ட் போட்ட மெஷின் இல்ல. கம்பெனியே உள்ள திரவ உலோகம் ஊத்தி அனுப்பிச்சிருக்கான். சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்கு, பாருங்க." ஃபோனை நீட்டினாள். "அது பாதரசம் மாதிரி உருளும், கரண்ட்டையும் கடத்தும். மேல இருக்கிற செம்பத் தூக்கினா ஒரு சொட்டு பக்கத்துல இருக்கிற பொடிப் பொடி பார்ட்ஸ் மேல ஓடும். திரும்ப ஆன் பண்ணா போர்டே காலி. வாரண்ட்டி சீலு வேற அந்த ஸ்க்ரூ மேலதான் ஒட்டிக்கினு இருக்கு. எண்பத்தஞ்சுல நல்லா ஓடற மெஷின எதுக்கு நோண்டணும்?"

"எத்தினி வருஷமா கடை நடத்தறேன், எனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சா நீங்களே தூக்குங்க. இந்தாங்க ஸ்க்ரூ டிரைவர்."

கடையில் சார்ஜர் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாவூத் பாயின் காது சிவந்தது. ஃபைஸாவின் அத்தாவுக்குப் பழக்கமானவர் அவர். பெண்பிள்ளைக்கு மேசை கொடுத்த முதல் கடைக்காரர் என்ற பெருமை வேறு.

"சொன்னத செய்யறதா இருந்தா இரு. இல்லேன்னா நாளைலருந்து வராத."

"நாளைக்கு இன்னாத்துக்கு? இப்பவே கெளம்பறேன்."

தன் சொந்தக் காசில் வாங்கிய கருவிப் பையைச் சுருட்டினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினாள். சந்தில் வேகமாக நடந்தாள். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரஞ்சித்குமார் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மேடம், உங்க நம்பர் குடுங்க."

"எதுக்கு? எனக்கு இப்ப கடையே இல்ல."

"வேணாம்னு சொல்ற மெக்கானிக்க நான் இப்பதான் பாக்கறேன். குடுங்க."

செங்கல்பட்டில் செய்தி அவளுக்கு முன்னால் நடந்தது. திமிர் பிடித்தவள், கஸ்டமர் முன்னால் முதலாளியை எதிர்த்தவள் என்று. மூன்று கடைகளில் கேட்டாள். மூன்றிலும் அதே சிரிப்பு, அதே "பாக்கலாம்மா". பெரிய படிப்பு படித்து என்ன கண்டாய் என்று வீட்டில் ஜாடையாகப் பேச்சு எழுந்தது. படித்ததால்தான் வேண்டாம் என்று சொல்லத் தெரிகிறது என்று அவள் நேராகவே பதில் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஃபோன் வந்தது. ரஞ்சித்குமார்தான்.

"எங்க மொதலாளி லேப்டாப் மேடம். ஆறு வருஷப் பழசு. பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சிடுது. மெஷினுக்குக் கல்லு வெட்டற ஃபைல் பூரா அதுலதான். வெளிநாட்டுக் கோயில் நந்தி, மூணு நாள்ல கப்பலுக்குப் போகணும்."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கினாள். பட்டறைக்குள் உளிச் சத்தமும் கட்டர் சத்தமும் காதைக் கிழித்தன. கண்ணாடி அடைத்த அறையில் முதலாளி ஜானகிராமன் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஸ்தபதி.

"நீதானா? தாவூத் பாய் கடைல சண்ட போட்டுட்டு வந்த பொண்ணு?"

"ஆமா, நான்தான்."

ஓடவிட்டுப் பார்த்தாள். கண்ணெதிரே நூறைத் தொட்டு அணைந்தது. மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பை எடுத்தாள். ஃபேனில் தூசி கொஞ்சம்தான். ஆறு வருடமாக ஒருவரும் தொடாத பழைய களிம்பு, ப்ராசஸர் சில்லின் ஓரத்தில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொரிந்து நின்றது.

"இதுக்கு மாத்தித்தான் ஆகணும். ஆனா முதல்ல டிஸ்க்க வெளிய எடுத்து என் லேப்டாப்புல காப்பி பண்ணுவேன். ஒண்ணரை மணி நேரம் ஆவும்."

"நேரம் இல்லம்மா! நாலு மணிக்கு மெஷின் ஓடணும். அப்படியே செஞ்சு குடு, காசு கூட வேணா தர்றேன்."

"காப்பி இல்லாம கை வெக்க மாட்டேன். பழைய மெஷின், போர்டு போனாலும் போவும். போனா நந்தி என் தலைல விழும், உங்க தலைலயும் விழும்."

"அங்கயும் மாட்டேன், இங்கயும் மாட்டேனா? வேற வார்த்தையே தெரியாதா உனக்கு?"

ஃபைஸா ஸ்க்ரூ டிரைவரைப் பையில் செருகினாள். பை முடிச்சைப் போட்டாள். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் அடுத்த ஃபோன் வராது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் எழுந்தாள்.

"ஒக்காரு, ஒக்காரு!" ஸ்தபதி கையை உதறினார். "பண்ணித் தொல."

காப்பி முடிந்தது. பழைய களிம்பு கல்லாய் இறுகியிருந்தால் கொஞ்சம் இளகட்டும் என்று டிஸ்க்கைத் திரும்ப மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தாள். மீண்டும் பேட்டரி இணைப்பை எடுத்தாள். செம்புத் தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களுக்கும் பக்கத்தில் எண் பொறித்திருந்தது. நான்கில் தொடங்கி இறங்குவரிசையில், ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்திக்கொண்டு வந்தாள். ஒரே பக்கம் முழுக்கக் கழற்றினால் அழுத்தம் சாய்ந்து சில்லின் மூலை பெயர்ந்துவிடும்.

இரண்டாம் எண் நகரவில்லை. கடற்காற்று அதைத் துருவாக்கி வைத்திருந்தது. தலையின் பள்ளம் வேறு தேயத் தொடங்கியது.

"அழுத்தித் திருப்பும்மா" என்றார் ஸ்தபதி. ரஞ்சித்குமார் டார்ச்சைக் கிட்டே பிடித்தான்.

"உளி வழுக்கினா மூக்கு போவும்னு உங்களுக்குத் தெரியாதா? இங்க வழுக்கினா போர்டுல மயிரளவு கம்பிங்க அறுந்துடும். இன்னொரு தடவதான் பாப்பேன். நகரலேன்னா தளர்த்தின ரெண்டையும் முடுக்கி மூடிடுவேன். உங்க ஃபைல் எங்கிட்ட பத்திரமா இருக்கு, வேற கம்ப்யூட்டர் தேடிக்கங்க."

ஸ்தபதி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அந்த ஸ்க்ரூவின் தலையில் மட்டும் முனையை வைத்தாள். மனசுக்குள் இருபது எண்ணினாள். சூடு ஆறியதும், பிடிமானத்துக்காகப் பள்ளத்தின்மேல் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து வைத்து, அதன் மேல் ஸ்க்ரூ டிரைவரை நேராக ஊன்றி, மெதுவாக. ஒரு சின்ன 'டிக்'. நகர்ந்தது.

தகட்டை நேராகப் பிடுங்காமல், இடம் வலமாக லேசாகத் திருகி எடுத்தாள். தொண்ணூற்றொன்பது சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் சில்லையும் செம்பையும் துடைத்தாள். சில்லு கண்ணாடியாகப் பளபளத்தது. பக்கத்து நினைவகச் சில்லுகள் மேல் இருந்த ரப்பர் போன்ற பட்டைகளைக் கிழிக்காமல் அப்படியே விட்டாள். அந்தத் தடிமனுக்குப் பதில் களிம்பு நிற்காது. புதுக் களிம்பு சிரிஞ்சிலிருந்து ஓர் உளுந்தளவு சில்லின் நடுவில் வைத்தாள்.

"இவ்ளோதானா?" என்றான் ரஞ்சித்குமார்.

"இட்லிக்குச் சட்னியா ஊத்துறேன்? சிப்புக்கும் செம்புக்கும் நடுவுல இருக்கிற மயிரிழை இடைவெளிய அடைக்கத்தான் இது."

எண் வரிசையில், குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். பேட்டரி மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். கனமான வேலை ஓடியது. பத்து நிமிடம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. எண்பத்திரண்டில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் கல்லில் இறங்கியது.

ஸ்தபதி டீ வரவழைத்தார். "இனி கவல இல்ல, அப்படித்தானே?"

"கவல இருக்கு. ஃபேன்ல சத்தம் வருது, போர்டுலயும் துரு ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த தடவ இத நான் தொறக்க மாட்டேன். வருஷத்துக்குள்ள புதுசு வாங்கிக்கங்க. அப்புறம் அந்தக் காத்து கன்ன இந்த ரூமுக்குள்ள கொண்டார வேணாம்."

"பாத்தியாடா ரஞ்சித்து, பேச்ச!" என்று ஸ்தபதி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, மூலையில் கிடந்த கன்னை அவரே எடுத்துப்போய் வெளியே மாட்டினார்.

ஃபைஸா இப்போது மாமல்லபுரத்தில், சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து லேப்டாப் பழுது பார்க்கிறாள். வருகிற லேப்டாப்புகளில் பாதியை பேஸ்ட் மாற்றாமலேயே திருப்பி அனுப்புகிறாள். தினமும் காலை செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.