ஐந்து நட்சத்திர விளக்கு

நெடுந்தீவுக்குப் பொதி நேராக வராது. சரவணையில் சித்தி வீட்டுக்கு வந்ததை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். தம்பி கடலுக்குப் போகிறவன், அவனுக்காக இணையத்தில் வாங்கிய விளக்கு. சித்தி வீட்டில் முழுக்கச் சார்ஜ் ஏற்றி எரியவிட்டது, படகேறும் குறிகட்டுவான் துறைக்கு வந்துசேருமுன் அணைந்துவிட்டது.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு, அதன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் முழுப்பணமும் திரும்புமாம்.

“போடுங்கோ அக்கா, காசு வரட்டும்” என்றான் தம்பி.

“இப்பிடிப் போட்ட நட்சத்திரத்தைப் பாத்துத்தானேடா நான் ஏமாந்தனான்!”

வெயிலில் கடல் பால்போல வெளிறிக் கிடந்தது. படகு நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. எதிரில் இருந்த பெண் தன் கைபேசியை நீட்டினாள். அதே விளக்கு.

“என்ர மனுசனும் கடலுக்குப் போறவர். எல்லாரும் அஞ்சு போட்டிருக்கினம். வாங்கட்டோ அக்கா?”

“வாங்காதையும். நடுக்கடலில இருட்டில நிப்பார்.”

அங்கேயே ஒற்றை நட்சத்திரம் போட்டேன். விளக்கு அணைந்ததையும் அட்டையில் இருந்ததையும் எழுதினேன். அட்டையைப் படமெடுத்து விற்பனைத் தளத்துக்கு முறைப்பாடும் வைத்தேன்.

“அப்ப காசு?” என்றான் தம்பி.

“சாமானைத் திருப்பிக் குடுத்துக் கேப்பம். பொய்க்குக் கூலி வேண்டாம்.”

அதற்குள் சிக்னல் போய்விட்டது. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெள்ளைக் கடலையும் அதையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தேன். தீவின் பனைகள் தெரியத் தொடங்கியபோது நான் எழுதியது போய்ச் சேர்ந்தது.