கடைசி பில் போன பிறகு

ராயபுரத்து வீட்டு மாடியில் ஒன்பது வருடம் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. மீன் வியாபாரம் செய்கிறவர், விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்விட்டு எட்டு மணிக்கெல்லாம் கூடையோடு திரும்பிவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி மேலே வரும், என் வீட்டு இட்லி மாவு கீழே போகும். அவரைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ போட இன்று எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒன்பது வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிடுகிறது.

கரண்ட் பில் என் வேலை. மீட்டர் அக்காவின் மாமனார் பெயரில் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மின்வாரியத்தில் கிடக்கும் டெபாசிட்டும் அவர் பெயரில்தான், அதனால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு டெபாசிட் என்றால் அக்கா கையில் கொடுத்த அட்வான்ஸ் மட்டும்தான். ஒரு தடவை நான் பில் கட்ட மறந்து, மின்வாரிய ஆள் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே என் போனில் அந்த மாடி இணைப்பின் எண்ணைப் போட்டு ஆட்டோபே வைத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும், என் பேங்க் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். கட்டியாச்சு என்ற மெசேஜ் அக்காவின் போனுக்கு வரும், வாரியத்தில் பதிந்திருந்தது அவர் நம்பர். “பணம் பூட்ச்சு கண்ணு” என்று மாடிப்படி பார்த்துக் குரல் கொடுப்பார்.

கணவருக்கு மணலியில் வேலை. டேங்கர் லாரிகளுக்கு நடுவே தினமும் வண்டி ஓட்டிப் போய் வந்து அவருக்கு முதுகே போய்விட்டது. அதனால் பொங்கல் முடிந்ததும் மாத்தூருக்குக் குடிபோனோம். கேஸ் ஏஜென்சிக்குப் போய் இணைப்பை மாற்றுகிற சீட்டு வாங்கினேன். அங்கே இருந்த பெண் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பழக்கமில்லாத இடத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

சாமான் ஏற்றிய அன்று அக்காவும் நானும் மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தோம். அதன் திரையில் தேதி, நேரம் என்று எண்கள் மாறி மாறி ஓடும், யூனிட் வரும்வரை காத்திருந்து போட்டோ எடுத்தேன். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடித்தனம் மாறும்போது கடைசி ரீடிங்கை அக்கா கரித்துண்டால் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதிவைப்பார். எங்களுடையதையும் எழுதினார். அட்வான்ஸில் ஐந்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

“கடைசி பில்லு வரட்டும் கண்ணு. உன் போன்லேர்ந்து அது போனதும் இத்த வாங்கிக்கோ. அதுவரிக்கும் அந்த ஆட்டோ இன்னாமோ சொல்றியே, அத்த நிறுத்தாத.”

நியாயமாகத்தான் பட்டது. மாத முடிவில் பில் வந்தது, பணமும் போனது. அதுவரை வீடு காலியாகக் கிடந்ததால் அத்தனையும் எங்கள் யூனிட்தான். அன்றே செயலியைத் திறந்து, பில் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்தேன். தீர்ந்தது என்று நினைத்தேன். பட்டியலில் அழித்தால் பட்டியலில்தான் போகும், ஆட்டோபேக்குக் கொடுத்த அனுமதி வேறொரு பக்கத்தில் உயிரோடு இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பேங்கிலிருந்து வரும் மெசேஜைப் பாதிப் பேர் படிப்பதில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி.

ஐந்தாயிரத்துக்குப் போன் செய்தபோது, “கடல்ல மீனே இல்ல கண்ணு, அட்த்த மாசம்” என்றார். சரி என்றேன். அடுத்த மாதமும் சரி என்றேன்.

கத்திரி வெயில் முடிந்த கையோடு மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டப் போனேன். கணக்கில் பணம் போதவில்லை. செயலியில் பழைய கணக்கைத் தள்ளிப் பார்த்தால் மார்ச்சில் ஒரு கரண்ட் பில், மே மாதத்தில் அதைவிடப் பெரியதாக இன்னொன்று. இரண்டும் ராயபுரத்து மாடிக்கு. நாங்கள் இருந்தவரை அந்த வீட்டில் ஏசி கிடையாது.

மறுநாளே பஸ் ஏறினேன். அக்கா ஏலத்திலிருந்து இன்னும் வரவில்லை. புதிதாகக் குடிவந்த பெண் மாடிப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சண்டைக்கென்றே வந்தவள் நான், முதலில் அவளைத்தான் பிடித்தேன்.

“கரண்ட் பில் நீங்க கட்றதில்லையா?”

“கட்றோமே. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அக்கா மெசேஜக் காட்டுவாங்க. அதுல இன்னா கீதோ அத்த அவங்க கையில குட்த்துடுவோம். அவங்கதான் மொதல்லியே கட்டிட்றாங்களே.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கூடையை இறக்கிவைத்துவிட்டு, பெரிய வஞ்சிரம் ஒன்றை எடுத்து எனக்கென்று ஒதுக்கினார். நான் போனைக் காட்டினேன். சிரிப்பு மாறவில்லை, கண் மட்டும் மீனுக்குப் போனது.

“நா இன்னாத்த கண்டேன் கண்ணு? எய்தப் படிக்கத் தெரியாதவ. போனு உன்து, பேங்கு உன்து.”

“மேல இருக்கறவங்க உங்க கையில பணம் தர்றாங்களாமேக்கா.”

“குட்க்கறாங்க. நான் எங்கியாவது வெச்சிருப்பேன். பாத்து கயிச்சிக்கலாம் வுடு. நீ இன்னா வேத்தாளா?”

பணம் போனது எனக்கு வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் வேறொன்றுதான் மனத்தை அரித்தது. அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் நடந்ததா? இரண்டு மாதத்துக்கு ஒரு தொகையை வாங்கிக் கூடையில் போட்டு மறந்திருக்கலாம். மெசேஜில் யார் கட்டியது என்று இருக்காது. அவருக்கு ஒரு மகன் உண்டு, அவன் கட்டினான் என்றுகூட நினைத்திருக்கலாம். காய்ச்சலில் கஞ்சி கொண்டுவந்தவருக்காக இப்படி நானே வக்கீலாக நின்று வாதாடினேன். கணவர் கேட்டபோதும், “அவங்களுக்கு விவரம் பத்தாதுங்க” என்றேன். தெரியாமல் நடந்ததாக மட்டும் இருந்துவிட்டால் போதும், ஐந்தாயிரத்தையும் அந்த இரண்டு பில்லையும் தலை முழுகிவிடுகிறேன் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஆட்டோபே பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து அனுமதியை ரத்து செய்தேன். இரகசிய எண்ணைக் கேட்டது, போட்டேன். ரத்தானது என்று வந்ததையும் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை, நானும் செய்யவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் அவர் பெயர் திரையில் வந்தது. பணம் தரத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

“கண்ணு, நல்லா கீறியா? இந்த தபா கரண்டு பில்லு உன் போன்லேர்ந்து போவலியே, இன்னா ஆச்சு? பீஸ் புடுங்க ஆளு வந்து நிக்கறான்.”



“நிறுத்திட்டேன்க்கா,” என்றேன்.

 நான் ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல, மனசு நொந்துபோன குரலில் அக்கா சொன்னார்:

“ஒரு வார்த்த சொல்ட்டு நிறுத்தியிருக்கலாம்ல.”