பொட்டு இருந்த இடம்

என் அக்கா அழகி. இதைப் பாசத்தில் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இது நல்லா படிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். அந்த அழகியைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் புருஷன், எனக்கு மாமா, மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மொத்தக் கடையில், எடை போடுபவர். அதிர்ந்து பேசாத மனுஷர். நான் விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன்.

எண்பதுகளில்தான் ஸ்டிக்கர் பொட்டு கடைக்குக் கடை தொங்க ஆரம்பித்தது. வியர்வையில் வழியாது, கையில் ஒட்டாது. அக்காவுக்கு அது தெய்வ வரமாகத் தெரிந்தது. சில மாதத்தில் பொட்டுக்கு அடியில் அரிக்க ஆரம்பித்தது. பிறகு சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிந்தது. இதற்கு அவள் செய்த வைத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். புண்ணை மறைக்க அதைவிடப் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டிக்கொண்டாள். புண் அந்த அளவுக்கு வளர்ந்தது. அதையும் மறைக்க இன்னும் பெரிய பொட்டு.

"உன் மூஞ்சியில கடைசியா பொட்டுதான் இருக்கப்போவுது," என்றேன். சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கவும் நேரம் குறைவுதான். அந்த வருஷம்தான் மாமாவுக்குக் கால் வீங்கி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

விழுப்புரத்துக்கு வாரம் மூன்று நாள் வரும் தோல் டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவர் பொட்டை எடுக்கச் சொல்லி, விளக்கை நெற்றிக்கு நேரே திருப்பினார். கண்ணிமையைப் பார்த்தார், காதோரம் பார்த்தார், முடியை விலக்கிப் பார்த்தார்.

"சோப்பு, பவுடர்னா முகம் முழுக்க வந்திருக்கணும். தலைக்கு ஏதாவது சாயம் போட்டிருந்தா காதோரமும் இமையும் பின்கழுத்தும் வீங்கியிருக்கும். இது பொட்டு உட்கார்ந்த இடத்துல மட்டும்தான் இருக்கு. பாருங்க, மூணு வட்டம். சின்னதா ஆரம்பிச்சு மூணு சைஸ் வச்சிருக்கீங்க. சரிங்களா?"

அக்கா வெட்கத்தோடு தலையாட்டினாள். நடு வட்டம் வெளுத்திருந்தது. சில பேருக்கு ஸ்டிக்கர் பசை அரிப்போடு நிறத்தையும் எடுத்துவிடும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

"அப்ப குங்குமம் வச்சிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வைத்துப் பார்க்கச் சொன்னார். மேல்மலையனூர் அம்மன் கோயில் குங்குமம் வைத்தாள். அதற்கும் வந்தது. ஆனால் அந்தப் புண்ணுக்கு ஓரம் இல்லை. தூள் உதிர்ந்த மூக்கின் மேலும், வியர்வை இறங்கிய வழியிலும் கோடு கோடாகச் சிவந்தது. டாக்டர் அந்தக் குங்குமத்தையும் ஸ்டிக்கரையும் அவள் முதுகில் தனித்தனியாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். எடுத்துப் பார்த்தபோது இரண்டு இடத்திலும் சிவப்பு.

"இது வச்ச உடனே வராதும்மா. ஒருநாள், ரெண்டுநாள் கழிச்சுதான் காட்டும். உடம்பு ஒருதடவ பகைச்சிக்கிச்சுன்னா அப்புறம் மறக்காது. ரெண்டுமே ஆகல. கொஞ்ச நாள் நெத்திய சும்மா விடுங்க."

எவ்வளவு சுலபமான வைத்தியம்! ஊசி இல்லை, பத்தியம் இல்லை, ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் எங்கள் வீடுகளில் செய்ய முடியாது.

அவள் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர் கொடுத்த களிம்பைப் போட்டுக்கொண்டு, வெறும் நெற்றியோடு இருந்தாள். தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் முதலில் நெற்றியைப் பார்த்தார்கள், பிறகு மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமாவோ, "எனக்காவ நீ ஒண்ணும் வச்சிக்க வாணாம், புண்ணு ஆறட்டும்," என்றார். ஆறவும் ஆறியது. தோல் மெத்தென்று ஆனது. அந்தச் சமயம் பார்த்து மாமாவுக்கு மூச்சு முட்டி, வண்டி வைத்துப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

அக்காவின் மாமியார் கெட்டவர் இல்லை. அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நெத்திய பாழா போட்டுக்கினு நிக்கிறாளே, எம்புள்ள எப்பிடி எழுந்து வருவான்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமா வீட்டுக்குத் திரும்பியிருந்தார், அக்காவின் நெற்றியில் குங்குமம். நான் கத்தினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றது எல்லாம் புரியுதுடி. பொட்டுக்கும் அவரு கிட்னிக்கும் சம்மந்தம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா காலையில எழுந்தா கை தானா போவுது. வைக்காத அன்னிக்கு அவருக்கு ஏதாவது ஆனா நான் என்னாத்த பண்றது?"

பகலெல்லாம் சொறியாமல் இருக்க முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மாமாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். நெற்றியில் நீர் வடிந்தது. நான் பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினேன்.

மாமா மாசி மாதத்தில் போய்விட்டார்.

காரியத்துக்கு முந்தின சாயங்காலம் அக்காவை மனையில் உட்கார வைத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கட்டி, கை நிறைய வளையல் அடுக்கி, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். கடைசித் தடவையாம். ஒரு பெரியம்மா கிண்ணம் நிறையக் குங்குமத்தோடு வந்தார்.

"பெரியம்மா, அவளுக்கு அது ஆகாது. டாக்டர் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்யாணமாகாதவள், அங்கே நிற்பதே தப்பு. "காலையில அழிக்கப் போறதுதான? ஒரு ராத்திரிக்கு என்னா ஆயிடும்? நீ அப்பால போ," என்றார் பெரியம்மா. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்து, போ என்று கண்ணால் சொன்னாள். அந்த நெற்றியில் அகலமாக, அழுத்தமாக, எண்ணெயில் குழைத்து ஒரு பொட்டு வைத்தார்கள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு பெரிய பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் ஈரத்துணியால் துடைத்தார்கள். சுத்தமாகப் போய்விட்டது என்று ஒருத்தர் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் லேசாகச் சிவந்தது. அதற்கும் மறுநாள் புடைத்து எழுந்தது. அவர்கள் வைத்த அதே அளவு, அதே இடம், அதைவிடச் சிவப்பு. துக்கம் கேட்க வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்று, பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னும் குங்குமத்த வச்சிக்கினு உட்கார்ந்திருக்குதே," என்றாள். நான் அவளை அடிக்கப் போயிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் களிம்பைப் பிதுக்கி அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வாணாம்."

"அரிக்குதுக்கா. நீர் கட்டுது, பாரு."

"அரிக்கட்டும். இத அவங்களால துடைக்க முடியலல்ல. அதுவா போற வரைக்கும் இருக்கட்டும், வுடு."

என் விரலில் களிம்பு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல், என் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.